காய்ச்சல் இல்லாத விடுமுறைக் கடிதம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறைக்குப் போன பழைய மாணவிகள் சார்பில் பேசும்படி கேட்டார்கள். நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி கிளினிக்கில் வாராவாரம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்டது வைத்தியசாலையில் அடிக்கடி நடந்தும் மேடையில் யாரும் பேசாத ஒன்று: விடுமுறைக்காகக் கொடுக்கப்படும் பொய்யான மருத்துவச் சான்றிதழ். எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால், ‘மெடிக்கல் போடுறது’.

ஆறாம் ஆண்டிலோ ஏழாம் ஆண்டிலோ நாம் எல்லோரும் தமிழ்ப் பாடத்தில் ஒரு விடுமுறைக் கடிதம் எழுதியிருக்கிறோம். அனுப்புநர், பெறுநர், திகதி, அதன் பிறகு ‘எனக்குக் கடுமையான காய்ச்சல் ஏற்பட்டபடியால் பாடசாலைக்குச் சமுகமளிக்க முடியாதென்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன்.’ வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேருக்கும் அன்று காய்ச்சல். பாட்டி செத்துப்போனதாக எழுதியவளிடம், பரீட்சைக்குக் காய்ச்சல்தான் வசதி என்று சொல்லித் திருத்தினார்கள். அது கடிதம் எழுதப் பழகுவதற்கான பயிற்சிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்குப் போன பிறகும் விடுமுறை என்றால் காய்ச்சல் என்ற அந்த அச்சு நம் கையை விட்டுப் போவதில்லை. பாதை மண் சரிந்து மூடிக் கிடந்த நாட்களுக்குக் கூடக் காய்ச்சல் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். 2007 ஜனவரி மண்சரிவைக் கண்ட வலப்பனை ஆட்களுக்குப் பாதை மூடுவது புதிதல்ல. அதற்குக் கிராம உத்தியோகத்தரின் ஒரு கடிதம் போதும் என்பதுதான் புதிதாக இருக்கிறது.

ஒரேயொரு பிள்ளையின் கதையைச் சொல்கிறோம். அவள் யார் என்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். பாடசாலையையும் வைத்தியசாலையையும் சொல்லப் போவதில்லை.

அவள் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை. நியமனம் கிடைத்து மூன்று வருடம். தாய் கொழுந்து பறித்தவர், ஓய்வு பெற்று லயத்தில் இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தாய்க்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சுக் குழறியது. பாரிசவாதம். கிட்டிய வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அதே இரவில் நுவரெலியாவுக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். வாட்டில் பெண் நோயாளிக்குத் துணைக்கு ஒரு பெண் நிற்க வேண்டும். மகள்தான் நின்றாள். வேறு ஆளில்லை, அண்ணன் கொழும்பில் கடை வேலை, அண்ணி கைக்குழந்தைக்காரி.

திங்கள் அதிகாலை ஐந்தரை மணிக்கு, வாட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்தபடி, அதிபருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: ‘சேர், எனக்குச் சுகமில்லை. இன்று வரமுடியாது.’

அவள் சொன்ன பொய் இதுதான். சான்றிதழ் பிறகு வந்தது. சுகமில்லாமல் இருந்தது தாய்க்கு. ஆனால் தாயின் வருத்தம் ஒரு ‘காரணம்’ ஆகாது என்று அவள் நினைத்துவிட்டாள். அதற்கு முந்திய தவணையில் தம்பியின் ஒரு விசயமாக லீவு கேட்டபோது, ஆசிரியர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் ‘உங்கள் வீட்டுப் பிரச்சினைகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்லப்பட்டிருந்ததாம். அந்த ஒரு வசனம் மனதில் கிடந்திருக்கிறது.

திங்கள் முதல் வெள்ளி வரையும் அடுத்த திங்களும், மொத்தம் ஆறு பாடசாலை நாட்கள் போயின. செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். ‘எனக்குச் சுகமில்லை’ என்று எழுதியாகிவிட்டதால், தனக்குச் சுகமில்லாமல் இருந்ததற்கு ஒரு துண்டு தேவைப்பட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி எடுக்கும் கடையொன்றில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு வேலை முடிந்தது. யாருடையதோ பழைய சான்றிதழைப் பிரதி எடுத்து, பெயரையும் திகதியையும் மாற்றி, ஒரு வைத்தியரின் முத்திரையையும் குத்திக் கொடுத்தார்கள். ஆறு நாளுக்குப் பொருந்துகிற வருத்தமாக இருக்கட்டும் என்று கடைக்காரரே யோசித்து எழுதிய நோய், நெருப்புக் காய்ச்சல்.

இந்த இடத்தில் வைத்தியர்களான நாங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபொயிட், நம் நாட்டில் அறிவிக்க வேண்டிய தொற்றுநோய்களில் ஒன்று. 1897ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அப்படி ஒரு நோயாளியைச் சந்தேகித்தாலே வைத்தியர் ஒரு படிவம் நிரப்பி சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பதிவேட்டில் ஏற்றி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்கே போவார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மலசலகூடம் எப்படி இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா என்று பார்ப்பார்.

அதிபர் கெட்டிக்காரர், பொறுப்பானவரும்கூட. ஆசிரியைக்கு நெருப்புக் காய்ச்சல் என்றால் பாடசாலைக் குழாய்த் தண்ணீரைப் பார்க்க வேண்டாமா என்று பரிசோதகரைக் கூப்பிட்டுச் சொன்னார். பரிசோதகர் பதிவேட்டைப் புரட்டினார். அந்தப் பெயரே இல்லை. வைத்தியசாலை அறிவிக்கத் தவறிவிட்டதோ என்று சான்றிதழின் பிரதியை எடுத்துக்கொண்டு எங்களிடமே வந்தார். யாரும் அவளைச் சந்தேகப்பட்டு வரவில்லை, பிள்ளைகளின் குடிதண்ணீருக்காக வந்தார்கள்.

எங்களுக்கு அந்தத் தாளைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முத்திரையில் இருந்த வைத்தியர் இரண்டு மாதத்துக்கு முன்பே இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். தாளில் இருந்த திகதி முதல் திங்கட்கிழமை; காய்ச்சல் தொடங்கியதாகப் போட்டிருந்ததும் அதே நாள். காய்ச்சல் தொடங்கிய அன்றே அதை நெருப்புக் காய்ச்சல் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. காய்ச்சல் சில நாள் விடாமல் நின்ற பிறகுதான் அந்தச் சந்தேகமே வரும், இரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர மேலும் சில நாள் எடுக்கும். எங்கள் வெளிநோயாளர் பதிவிலும் அவளுடைய பெயர் இல்லை. பொய்ச் சான்றிதழ்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடுகின்றன. கையெழுத்து நன்றாகவே இருக்கும். நோயும் நாளும் ஆளும் ஒன்றோடொன்று பொருந்தாது. இன்னொரு வகையும் உண்டு. உண்மையான சான்றிதழில் 2 என்று நாங்கள் எழுதியதற்கு முன்னால் ஒரு 1 போட்டு 12 ஆக்குவார்கள். அதனால்தான் நாட்களை எழுத்தாலும் எழுதுகிறோம். ‘இரண்டு’ என்பதைப் பன்னிரண்டு ஆக்குவது அவ்வளவு சுலபமில்லை.

மருத்துவச் சான்றிதழ் என்றால் என்ன என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறோம். ‘இவரை இன்ன திகதியில் பார்த்தேன், சோதித்தேன், இன்ன நாள் வரை வேலைக்கு ஏற்ற நிலையில் இல்லை என்பது என் அபிப்பிராயம்’ என்று ஒரு வைத்தியர் தரும் சாட்சி அது. நேரில் பார்த்தது ஒன்று நடந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை வந்து ‘திங்கள் முதல் காய்ச்சல் மிஸ்’ என்று சொன்னால், ‘திங்கள் முதல் காய்ச்சல் என்று நோயாளி சொல்கிறார், வியாழன் அன்று பார்த்தேன்’ என்று எழுதலாம். திங்கள் பார்த்ததாக எழுத முடியாது. வைத்தியரே தெரிந்து பொய் எழுதிக் கொடுத்தாலும், எங்கள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் அது குற்றம். போலியாகத் தயாரிப்பது ஒரு குற்றம், போலி என்று தெரிந்தே அதை உண்மை போலப் பாவிப்பது இன்னொன்று. கடைக்காரரோடு வழக்கு முடிந்துவிடாது.

இரண்டு நாள் கழித்து அவள் தன் மாமாவோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. மாமா சொன்னார்: “டொக்டரம்மா, பிள்ள தெரியாமச் செஞ்சிருச்சுங்க. இந்த ஒரு தடவ நீங்க குடுத்ததுன்னு சொல்லிருங்க.”

அவள் சொன்னாள்: “மிஸ், நான் சும்மா வீட்ல நிக்கல. அம்மாகிட்டதான் நின்னேன்.”

அவள் சொன்னது முழு உண்மை. ஆனால் நாங்கள் கொடுத்தது என்று சொன்னால், அந்தப் போலித் தாளை நாங்களே ஒரு பொய்ச் சான்றிதழாக்கிவிடுவோம். அது எங்களால் முடியாது என்று சொன்னோம். பாடசாலையிலிருந்து எழுத்தில் கேட்டபோது, ‘இச்சான்றிதழ் இவ்வைத்தியசாலையால் வழங்கப்படவில்லை’ என்ற ஒரு வரியை மட்டும் எழுதினோம். அதற்கு மேல் அவளைப் பற்றியோ அவளுடைய குடும்பத்தைப் பற்றியோ எதையும் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

பிறகு அவளிடம் இரண்டு கேள்வி கேட்டோம். இந்த வருடம் எத்தனை லீவு எடுத்திருக்கிறாய்? ஒன்பது. ஆசிரியர்களுக்கு வருடத்துக்கு எத்தனை? அவளுக்குத் தெரிந்திருந்தது: நாற்பத்தொன்று. இருபத்தொன்று அமய விடுமுறை, இருபது சுகவீன விடுமுறை. எடுத்த ஒன்பதும் அமய விடுமுறையாகவே இருந்தாலும் இன்னும் பன்னிரண்டு மிச்சம். அவளுக்கு வேண்டியது ஆறு. அமய விடுமுறைக்கு மருத்துவச் சான்றிதழே தேவையில்லை.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபா கொடுத்து வாங்கியது தேவையே இல்லாத ஒரு தாள். வேலைக்கு வராமல் இருந்ததற்கு அவள் மேல் பெரிதாக ஒரு குற்றமும் இல்லை. விசாரணை முழுவதும் அந்தத் தாளுக்காகத்தான்.

ஏன் இப்படி? தோட்டத்தில் வளர்ந்த நமக்கு வருகை என்றாலே ஒரு பயம் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு நாள் சம்பளம் 620 ரூபா என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாதான். 140 ரூபா வருகைக்கான கொடுப்பனவு. மாதத்தில் 75 சதவீத நாட்கள் வேலைக்கு வராவிட்டால் அது இல்லை. 2016இல் அது 60 ரூபா ஆனது, 2019இல் எடுத்தேவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் நின்ற தாய், அந்த இரண்டு நாள் பேரை மட்டும் இழக்கவில்லை, வேலை செய்த மற்ற நாட்களின் 140 ரூபாவையும் இழக்கும் நிலைக்கு வந்தாள். கங்காணியிடம் ‘மாமியாருக்குச் சுகமில்ல’ என்று உண்மையைச் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? செக்ரோலில் ஒன்றுதான். அந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளை, மாதச் சம்பள வேலைக்கு வந்த பிறகும் உண்மைக் காரணத்துக்கு ஒரு பயனுண்டு என்று நம்பாததில் ஆச்சரியமில்லை. மாதச் சம்பளத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அந்த இடம் ஒரு படிவத்தில் இருக்கிறது.

அரச சேவையில் இருப்பவர்களுக்கு அந்தப் படிவம் தெரியும்: பொது 125அ. எத்தனை நாள், எந்தத் திகதியிலிருந்து, விடுமுறையில் இருக்கும்போது முகவரி, பதில் கடமை பார்ப்பவர், இவற்றோடு ‘விடுமுறைக்கான காரணம்’ என்று ஒரு சிறிய இடம். எல்லோரும் அதில் ‘சொந்தத் தேவை’ என்றோ ‘சுகவீனம்’ என்றோ ஒரு சொல்லைப் போட்டுவிட்டு விடுகிறார்கள். சாதாரண ஒரு நாள் லீவுக்கு அது போதும். முன்னறிவித்தல் இல்லாமல் ஆறு நாள் போயிருந்தால், படிவத்தோடு ஒரு கடிதம் இணைக்க வேண்டும்.

அன்று எங்கள் அறையில் உட்கார்ந்து அவள் எழுதிய கடிதத்தை, அவளுடைய சம்மதத்தோடு, பெயர்களும் திகதிகளும் இல்லாமல் இங்கே தருகிறோம். முதலில் எழுதியதை மூன்று தரம் கிழித்துப் போட்டாள். முதல் பிரதியில் ஒன்றரைப் பக்கத்துக்குத் தாய் பட்ட கஷ்டம் இருந்தது. இரண்டாவதில் மன்னிப்பு என்ற சொல் ஏழு இடத்தில் வந்தது. கடைசியில் நின்றது இது:

‘ஐயா,

விடுமுறை விண்ணப்பம்: திங்கட்கிழமை முதல் அடுத்த திங்கட்கிழமை வரை, ஆறு பாடசாலை நாட்கள்.

மேற்படி நாட்களில் எனக்குச் சுகவீனம் இருக்கவில்லை. சுகவீனம் என்று நான் அனுப்பிய குறுஞ்செய்தியும், அதன் பின் சமர்ப்பித்த மருத்துவச் சான்றிதழும் உண்மையானவை அல்ல. அவற்றை மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

ஞாயிறு இரவு எனது தாயாருக்குப் பாரிசவாதம் ஏற்பட்டு நுவரெலியா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அடுத்த திங்கட்கிழமை மாலை வீடு திரும்பினார். அந்த நாட்களில் வாட்டில் அவருக்குத் துணையாக நான் நின்றேன். துணைக்கு நிற்க வீட்டில் வேறு பெண்கள் இருக்கவில்லை.

தாயார் அனுமதிக்கப்பட்ட, வீடு திரும்பிய திகதிகள் உள்ள டயக்னோசிஸ் காட்டின் பிரதியையும், துணைக்கு நின்றது பற்றி வாட்டிலிருந்து பெற்ற கடிதத்தையும் இணைத்துள்ளேன்.

இந்த ஆறு நாட்களையும் எனது அமய விடுமுறையில் கழித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது முடியாவிட்டால் சம்பளமற்ற விடுமுறையாகக் கணிக்கவும் சம்மதிக்கிறேன்.

தவறிய ஒன்பதாம், பத்தாம் ஆண்டுக் கணிதப் பாடங்களை இம்மாத முடிவுக்குள் பாடசாலை முடிந்த பின் நடத்தித் தருவேன்.

சான்றிதழ் தொடர்பாக எடுக்கப்படும் நடவடிக்கைக்கு உண்மையைச் சொல்லி முகங்கொடுப்பேன்.’

இதில் சில விசயங்களைக் கவனித்திருப்பீர்கள். பொய்யைத் திருத்தும் வசனம் முதலாவதாக வருகிறது. நடுவில் எங்கேயாவது ஒளித்து வைத்தால், வாசிப்பவர் அதைக் கண்டுபிடித்த பிறகு மேலே உள்ள எல்லாவற்றையும் நம்பாமல் விடுவார். அடுத்து, ஒவ்வொரு கூற்றையும் யாரும் போய்ப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்: வாட்டு, திகதி, காட். இணைத்த தாள்கள் எதைக் காட்டுமோ அதை மட்டுமே காட்டுகின்றன. தாயின் காட் தாய் வாட்டில் இருந்ததற்குச் சாட்சி, மகள் அங்கே இருந்ததற்கு அல்ல. அதனால்தான் வாட்டிலிருந்து தனியாக ஒரு கடிதம் வாங்கச் சொன்னோம். துணைக்கு நிற்பவர்கள் வீடு திரும்பும் நாளிலேயே இதைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. மாதம் கழித்துப் போனால் தாதிமார் மாறியிருப்பார்கள், யாருக்கும் முகம் ஞாபகம் இருக்காது.

அந்தக் கடிதத்தில் அதிபர் கூட்டத்தில் ஏசியது இல்லை. அதையும் எழுத வேண்டும் என்றாள். அது உண்மைதான், ஆனால் அது வேறொரு கடிதம். லீவு விண்ணப்பத்தில் கலந்தால், இரண்டு விசயமும் சண்டையாகிவிடும்.

எல்லாவற்றையும் திறந்து எழுத வேண்டுமா என்று இங்கே இருக்கும் சிலர் மனதுக்குள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. கரு கலைந்து நின்ற நாட்கள் இருக்கும். கணவன் அடித்து முகம் வீங்கி வெளியே வர முடியாத நாட்கள் இருக்கும். மகளுக்கு மனநல கிளினிக் இருக்கும். அவற்றை அலுவலக மேசையில் வைக்க வேண்டும் என்று நாங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டோம். ‘குடும்பத்தில் எழுந்த ஓர் அவசர நிலை, விபரம் தர விரும்பவில்லை’ என்பது முழு உண்மை. ‘காய்ச்சல்’ என்பது பொய். சொல்லாமல் விடுவது வேறு, இல்லாததைச் சொல்வது வேறு. மருத்துவச் சான்றிதழிலும் நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று எங்களிடம் கேட்கலாம். ‘மருத்துவக் காரணத்தால்’ என்று எழுதித் தருவோம். சில அலுவலகங்கள் அதை ஏற்கும், சில மேலும் கேட்கும். கேட்டால் சொல்வதா விடுவதா என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். இன்னொன்று, கரு கலைந்தவரும் அடி வாங்கியவரும் உண்மையிலேயே நோயாளிகள்தான். அவர்கள் எங்களிடம் வந்தால் உண்மையான சான்றிதழே கிடைக்கும். கடைக்குப் போகத் தேவையில்லை.

பொய்ச் சான்றிதழில் எழுதிய நோய் தனிப்பட்ட கோவையில் தங்கிவிடுவதையும் சொல்ல வேண்டும். முதுகு வலி என்று அடிக்கடி போட்டவர், பத்து வருடம் கழித்து உண்மையாகவே முதுகெலும்பு நழுவி வரும்போது, ‘இவருக்கு இது எப்போதும் உள்ளதுதானே’ என்று கோவையைப் பார்த்துச் சொல்வார்கள். காப்புறுதிக்காரரும் முன்னைய நோய் என்று அதையே காட்டலாம்.

இனி அவளுக்கு என்ன நடந்தது என்பது. ஆறு நாளும் அமய விடுமுறையில் கழிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் ஒரு வாதமும் எழவில்லை. சான்றிதழுக்காக விசாரணை நடந்தது. அவள் மறுக்கவில்லை. ஒரு வருடச் சம்பள உயர்வு பிற்போடப்பட்டது, கோவையில் எச்சரிக்கைக் கடிதமும் ஏறியது. வேலை போகவில்லை. கடுமையான தண்டனை என்று சிலர் சொன்னார்கள், குறைவு என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தாய் இப்போது கைத்தடியோடு நடக்கிறார்.

உண்மையைச் சொன்னால் எப்போதும் இப்படித் தப்பலாம் என்று உறுதி தர முடியாது. ஆனால் நீதிமன்றங்கள் அதற்கு எடை கொடுத்ததுண்டு. இந்தியாவில் கோல் இந்தியா நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் அனுமதியில்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் வேலைக்கு வரவில்லை. ஆறு நாள் அல்ல, ஆறு மாதம். விசாரணையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நிறுவன விதிகளை மீறும் எண்ணம் தனக்கு இருக்கவில்லை, தன் கைக்கு மீறிய சொந்தக் காரணங்களால் வர முடியவில்லை என்று சொன்னார். நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009இல் அந்த நீதிமன்றம், இந்த நிலைமையில் வேலை நீக்கம் குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை என்று சொல்லி அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. வேலை செய்யாத காலத்துச் சம்பளம் மட்டும் கிடையாது. அந்தத் தீர்ப்பு நம் நாட்டை கட்டுப்படுத்தாது. ஆனால் அவர் கொடுத்திருந்த தாள்களுக்குள் ஒரு போலிச் சான்றிதழ் இருந்திருந்தால், ‘விதியை மீறும் எண்ணம் இல்லை’ என்ற வாதத்தை அவரால் வைத்திருக்கவே முடியாது என்பதை எந்த நாட்டு வக்கீலும் சொல்வார்.

இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு இதெல்லாம் விசித்திரமாக இருக்கலாம். அங்கே 1982 முதல், ஏழு நாள் வரையான சுகவீனத்துக்கு வைத்தியரிடம் போகவே வேண்டாம். தனக்குச் சுகமில்லை என்று தானே எழுதிக் கொடுத்தால் போதும். எட்டாம் நாளிலிருந்துதான் வைத்தியரின் தாள். தங்கியிருக்கும் உறவினருக்கு அவசரம் என்றால் அதற்குத் தனியாகச் சட்டப்படி நேரம் உண்டு, சம்பளம் இல்லாவிட்டாலும். தாய்க்கு வருத்தம் என்பதைத் தன் வருத்தமாக மாற்றி எழுத வேண்டிய தேவை அங்கே குறைவு. இரண்டு நாள் தடிமனுக்குச் சான்றிதழ் கேட்டு எங்கள் வெளிநோயாளர் வரிசையில் காலையிலிருந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது, அந்த ஒரு விதியையாவது இங்கே கொண்டுவந்தால் என்ன என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வதுண்டு.

சபையில் அதிபர்களாகவும் முகாமையாளர்களாகவும் இருக்கும் சகோதரிகள் பலர் இருக்கிறீர்கள். ஒரு சான்றிதழில் சந்தேகம் வந்தால் வைத்தியசாலைக்கு எழுத்தில் கேளுங்கள், ‘இது உங்களால் வழங்கப்பட்டதா’ என்ற ஒரு கேள்வி மட்டும். நோயைப் பற்றிக் கேட்க வேண்டாம், நாங்கள் சொல்லவும் மாட்டோம். வைத்தியரின் பெயரும் பதிவு இலக்கமும் பொருந்துகிறதா என்று இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பார்க்கலாம். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ‘என்ன நடந்தது?’ என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் வேண்டாம்.

ஏற்கெனவே ஒரு பொய்த் தாளைக் கொடுத்துவிட்டு, இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் இருக்கலாம். யாராவது கேட்பதற்கு முன்னால் நீங்களே போய் மீளப் பெறுங்கள். கேட்ட பிறகு ஒப்புக்கொள்வதையும் கேட்காமலே ஒப்புக்கொள்வதையும் விசாரணை செய்பவர்கள் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

அந்த ஆசிரியை அன்று காலை ஐந்தரைக்கு எழுதியிருக்க வேண்டிய குறுஞ்செய்தி எது என்று பிறகு அவளிடமே கேட்டோம். போனை எடுத்து எழுதிக் காட்டினாள்: ‘சேர், நேற்றிரவு அம்மாவுக்குப் பாரிசவாதம். நுவரெலியா வாட்டில் துணைக்கு நிற்கிறேன். இன்றும் நாளையும் வரமுடியாது. பத்தாம் ஆண்டுப் பயிற்சித் தாள் என் மேசை லாச்சியில் இருக்கிறது. நாளை பின்னேரம் திரும்ப அறிவிக்கிறேன்.’

தேநீர் தயாராகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். கேள்விகள் இருந்தால் அங்கே பேசுவோம். லீவுப் படிவத்தின் மாதிரிப் பிரதிகள் வாசலில் வைத்திருக்கிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.